ஜெர்மனில ஆபீஸ் ட்ரிப் போனா தினப்படி எப்படிக் கணக்கு போடறாங்க: 28 யூரோவும் அதுல பாதி 14 யூரோவும்

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த புதுசுல ஆபீஸ்ல இருந்து வெளியூர் அனுப்புனாங்கன்னா, ட்ரெயின் டிக்கெட் கம்பெனி போட்டுடும், ஹோட்டலும் கம்பெனி கணக்கு, அது எல்லாருக்கும் புரியும். அதுக்கு மேல சாப்பாட்டுக்குன்னு ஒரு காசு சம்பளத்தோட சேர்ந்து வரும் பாருங்க, அதுதான் நிறைய பேருக்குப் புரியறதில்ல. நான் நியூரம்பெர்க்ல இருக்கேன், முதல் ட்ரிப் போய்ட்டு வந்து நானே போட்ட கணக்கும் கம்பெனி குடுத்ததும் ஒத்தே வரல, 2 யூரோ 80 சென்ட் இடிச்சுது. சின்ன காசுதான், ஆனா அந்த 2.80 எங்க போச்சுன்னு தேடுனதுலதான் இந்த விஷயமே எனக்குப் புரிஞ்சுது, அதனால அந்த ட்ரிப்பையே வெச்சு சொல்றேன்.

முதல்ல பேரு. சட்டத்துல இதுக்கு ஃபெர்ப்ஃப்ளேகுங்ஸ்பௌஷாலேன்னு பேரு, நாக்கு சுளுக்கிக்கும், ஆபீஸ்ல யாரும் அப்படி சொல்றதில்ல, ஷ்பேசன்னு சொன்னாலே போதும். நம்ம ஊர் தினப்படி மாதிரிதான். ஆனா இது சம்பளமோ போனஸோ இல்ல. வீட்ல இருந்தா சமைச்சு சாப்பிட்டிருப்பீங்க, வெளியூர்ல இருக்கறதால கடைல வாங்கி சாப்பிட வேண்டியிருக்கு, அந்த கூடுதல் செலவுக்குத்தான் இது, அதனாலதான் இதுக்கு வரியும் கிடையாது. இந்த ஒரு காரணத்தை மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா பின்னாடி வர்ற வெட்டு எல்லாம் ஏன்னு தானா புரியும்.

ஜெர்மனிக்குள்ளயே போற ட்ரிப்புக்கு ரெண்டே ரேட்டுதான். நாள் முழுக்க, அதாவது 24 மணி நேரமும் வெளியூர்ல இருந்தா 28 யூரோ. பாதி நாளுன்னா 14 யூரோ. 2020ல இருந்து இதுதான் ஓடுது, அதுக்கு முன்னாடி 24ம் 12ம். நடுவுல ஏத்தலாம்னு ஒரு மசோதா வந்து 2024ல அந்தப் பகுதிய மட்டும் எடுத்துட்டாங்க, விலைவாசி ஏறுனது ஏறுனதுதான், இது அப்படியே நிக்குது. பில் எதுவும் குடுக்க வேணாம், நீங்க 9 யூரோக்கு டோனர் சாப்பிட்டாலும் 45 யூரோக்கு ஸ்டேக் சாப்பிட்டாலும் அதே காசுதான். பில்லு 45 இருக்கேன்னு அதிகமா கேக்க முடியாது, மிச்சம் புடிச்சா திருப்பிக் குடுக்கவும் வேணாம்.

இப்ப முக்கியமான கேள்வி, எது பாதி நாள்? ரெண்டு விதமா வரும்.

ஒண்ணு, வெளியூர்ல ராத்திரி தங்கற ட்ரிப். அதுல கிளம்பற தேதியும் திரும்பி வர்ற தேதியும் பாதி நாள், நடுவுல இருக்கற தேதி எல்லாம் முழு நாள். இங்க கவனிங்க, கிளம்பற நாளுக்கும் வர்ற நாளுக்கும் எத்தனை மணி நேரம்ங்கற கணக்கே கிடையாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பி ஊர் போய் சேர்ந்து ஹோட்டல்ல படுத்தாலும் ஞாயிறுக்கு 14 யூரோ உண்டு. திரும்பி வர்ற நாள் காலைல 10 மணிக்கே வீட்டுக்கு வந்துட்டாலும் அன்னைக்கும் 14 உண்டு. 2013 வரைக்கும் இப்படி இல்ல, 8 மணி நேரத்துக்கு ஒரு ரேட்டு, 14 மணி நேரத்துக்கு ஒரு ரேட்டு, 24க்கு ஒண்ணுன்னு மூணு படி இருந்துச்சு, ஒவ்வொரு கிளம்பற நேரத்தையும் எழுதி வெக்கணும். 2014ல அத ரெண்டு படியா சுருக்கிட்டாங்க, நல்ல வேளை.

ரெண்டாவது, காலைல போய்ட்டு சாயங்காலமே வீட்டுக்கு வந்துடற ட்ரிப். இதுல மணி நேரம் கணக்கு உண்டு, 8 மணி நேரத்துக்கு மேல இருந்தா 14, இல்லன்னா ஒண்ணுமே இல்ல. சரியா 8 மணி நேரம்னா கூட கிடையாது, 8 மணி 1 நிமிஷம் வேணும். சிரிக்காதீங்க, அப்படித்தான் இருக்கு சட்டம்.

என் ட்ரிப்புக்கு வருவோம். நியூரம்பெர்க்ல இருந்து ஹம்புர்க். ஞாயிறு சாயங்காலம் 5.30க்கு வீட்ட விட்டுக் கிளம்புனேன், திங்கள் செவ்வாய் புதன் மூணு நாளும் கஸ்டமர் ஆபீஸ்ல வேலை, வியாழக்கிழமை காலைல ஹோட்டல காலி பண்ணிட்டு மத்தியானம் 4 மணிக்கு வீடு. நாலு ராத்திரி ஹோட்டல். ஹோட்டல கம்பெனி பேர்ல புக் பண்ணிருந்தாங்க, காலை டிபனோட சேர்த்து. செவ்வாய் ராத்திரி எங்க டீமுக்கு மேனேஜர் டின்னர் வாங்கிக் குடுத்தாரு, பில் கம்பெனி கார்டுல.

நான் முதல்ல போட்ட கணக்கு எப்படின்னா, ஞாயிறு 5.30ல இருந்து திங்கள் 5.30 வரைக்கும் ஒரு நாள்னு 24 மணி நேரமா வெட்டி வெட்டி எண்ணுனேன். அது தப்பு, இங்க காலண்டர் தேதிதான், ராத்திரி 12ல இருந்து அடுத்த ராத்திரி 12 வரைக்கும். அப்படிப் பாத்தா அஞ்சு தேதி. ஞாயிறு 14, திங்கள் 28, செவ்வாய் 28, புதன் 28, வியாழன் 14. கூட்டுனா 112.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா, நாலு ராத்திரி, 112ன்றது நாலு தடவ 28. முதல் பாதியும் கடைசி பாதியும் சேர்ந்து ஒரு முழு நாள் ஆயிடுது. உள்நாட்டு ட்ரிப் எதுவா இருந்தாலும் இதே கதைதான், ஒரு ராத்திரி தங்குனா 14ம் 14ம் 28, ரெண்டு ராத்திரின்னா 56. அதனால நான் இப்பல்லாம் விரல் விட்டு எண்றதே இல்ல, எத்தனை ராத்திரியோ அத 28ஆல பெருக்கிக்கறேன், அதுல இருந்து சாப்பாட்டு வெட்டக் கழிச்சுடறேன், ஃபார்ம்ல வேற நம்பர் வந்தா எங்கயோ தேதி தப்பா போட்டிருக்கேன்னு அர்த்தம். பாதி ரேட்டு ஏன் வெச்சிருக்காங்கன்றதும் இதுலயே தெரியுது, கிளம்பற நாள்ல மத்தியான சாப்பாடு வீட்டுல, வர்ற நாள்ல ராத்திரி சாப்பாடு வீட்டுல, ரெண்டையும் ஒட்டுனா ஒரு நாள் சாப்பாடுதான் வெளிய.

அப்ப எனக்கு 112 வரணும்ல? வந்தது 78.40.

அதுதான் சாப்பாட்டு வெட்டு. கம்பெனி செலவுல ஒரு வேளை சாப்பாடு கிடைச்சா, அந்த வேளைக்கு உங்களுக்கு கூடுதல் செலவே இல்லயே, அப்ப அதுக்கு எதுக்கு காசுங்கறதுதான் லாஜிக். எவ்வளவு கழிப்பாங்கன்னா காலை டிபனுக்கு 20 சதவீதம், மத்தியான சாப்பாட்டுக்கு 40, ராத்திரிக்கு 40, மூணும் சேர்ந்தா 100. காசாச் சொன்னா டிபனுக்கு 5.60, மத்த ரெண்டுக்கும் தலைக்கு 11.20. ஹோட்டல் டிபனோட பில் கம்பெனி பேர்ல இருக்கறதால அதையும் கம்பெனி குடுத்த சாப்பாடாத்தான் எடுத்துக்குவாங்க.

நாள் நாளா பாருங்க. ஞாயிறு ஒண்ணும் கிடைக்கல, ட்ரெயின்ல நானே சாண்ட்விச் வாங்கித் தின்னேன், அதனால 14 முழுசா. திங்கள் ஹோட்டல் டிபன், 28ல 5.60 போனா 22.40. செவ்வாய் டிபனும் டீம் டின்னரும், 28ல 16.80 போய் 11.20. புதன் மறுபடி 22.40. வியாழக்கிழமைதான் நான் மாட்டுன இடம். அன்னைக்கு பாதி நாள், ரேட்டு 14, டிபன் சாப்பிட்டேன். பாதி நாளுக்கு பாதி வெட்டுதான இருக்கும்னு நெனச்சு 14ல 20 சதவீதம், 2.80 கழிச்சு 11.20ன்னு எழுதுனேன். கம்பெனில சம்பளக் கணக்கு பாக்கற அம்மா அத அடிச்சுட்டு 8.40ன்னு போட்டுட்டாங்க.

போய்க் கேட்டேன். "வெட்டு எப்பவுமே முழு நாள் ரேட்டுலதான் கணக்கு, 28ல 20 சதவீதம், நாள் பாதியோ முழுசோ அது மாறாது"ன்னு சொன்னாங்க. நான் விடல, அது நியாயமான்னு கேட்டேன், அதுக்கு அவங்க "டிபன பாதியா சாப்பிட்டீங்க, முழுசாத்தான?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. பதில் இல்ல. உண்மைல நியாயந்தான், பாதி நாள்லயும் டிபன் முழு டிபன்தான. எக்செல் ஷீட் போட்டு கணக்கு பாக்கறவங்க நிறைய பேர் இந்த இடத்துலதான் தப்பு பண்றாங்க, அந்த நாளோட ரேட்டுல இருந்து சதவீதம் எடுக்கற மாதிரி ஃபார்முலா எழுதிடுவாங்க. இப்படி எழுதுனா சரியா வரும்:

```
=MAX(0; rate - 28*(0,2*B + 0,4*L + 0,4*D))
```

இதுல rate அந்த நாளோட 28 இல்லன்னா 14, B L D மூணும் டிபன், மத்தியானம், ராத்திரி சாப்பாடு கம்பெனி குடுத்திருந்தா 1, இல்லன்னா 0. rate, B, L, D இருக்கற இடத்துல உங்க ஷீட்ல எந்த செல்லோ அதப் போட்டுக்கங்க. ஜெர்மன் எக்செல்ல புள்ளிக்கு பதிலா கமா, கமாவுக்கு பதிலா செமிகோலன், அத மறந்தா அது வேற எரர் அடிக்கும். முன்னாடி MAX எதுக்குன்னா, பாதி நாள்ல டிபனும் மத்தியான சாப்பாடும் கம்பெனி குடுத்துட்டா 14ல 16.80 கழிக்கணும், மைனஸ் ஆயிடும், ஆனா உங்ககிட்ட இருந்து 2.80 திருப்பி வாங்க மாட்டாங்க, ஜீரோவோட நின்னுடும்.

அடுத்து ஒரு கடுப்பு. கம்பெனி டிபனுக்கு காசு கட்டியிருக்கு, நீங்க சாப்பிடல, காலைல 6 மணி ட்ரெயின புடிக்க ஓடிட்டீங்க. வெட்டு உண்டா? உண்டு. சாப்பாடு உங்களுக்குன்னு வெச்சிருந்தாங்களாங்கறதுதான் கேள்வி, நீங்க தின்னீங்களா இல்லயான்றது இல்ல. வேலை குடுத்தவங்க வெச்ச சாப்பாட நான் சாப்பிடலன்னு ஒருத்தர் கேஸ் போட்டு நாட்டோட உச்ச வரி நீதிமன்றம் வரைக்கும் போனாரு, 2020ல அவங்களும் இதையேதான் சொன்னாங்க. அதனால சீக்கிரம் கிளம்பற நாளுன்னு முன்னாடியே தெரிஞ்சா அந்த ராத்திரிக்கு டிபன் இல்லாம ரூம் போடச் சொல்லிடுங்க, 5.60 உங்க கையில, ஸ்டேஷன் பேக்கரில ஒரு காப்பியும் ப்ரெட்ஸலும் வாங்குனா கூட மிஞ்சும். அதே நேரம் நிதானமா உக்காந்து சாப்பிட நேரம் இருக்கற நாளா இருந்தா ஹோட்டல் டிபனே லாபம், பெரிய ஹோட்டல்ல அது 15, 20 யூரோ போகும், உங்களுக்கு வெட்டு 5.60தான். ஃப்ளைட்ல குடுக்கற சிப்ஸ் பாக்கெட், சாக்லேட் இதெல்லாம் சாப்பாட்டு கணக்குல வராது, அதுக்கு வெட்டு இல்ல, பயப்படாதீங்க.

இப்ப அந்த ஒரு நாள் ட்ரிப்பும் 8 மணி நேரமும். இதுல மணி எங்க இருந்து ஓட ஆரம்பிக்குதுங்கறதுதான் சூட்சுமம். வீட்டுலயும் இருக்கக் கூடாது, உங்களுக்குன்னு கம்பெனி ஒதுக்கிருக்கற நிரந்தர ஆபீஸ்லயும் இருக்கக் கூடாது, ரெண்டையும் விட்டு வெளிய இருக்கற நேரம் மட்டும்தான் கணக்கு. எங்க டீம்ல ரெண்டு பேர் ஒரே நாள் வூர்ட்ஸ்புர்க் போனாங்க. ஒருத்தர் காலைல 7.45க்கு வீட்டுல இருந்து நேரா ஸ்டேஷன் போய்ட்டு சாயங்காலம் 4.30க்கு வீடு வந்துட்டாரு, 8 மணி 45 நிமிஷம், 14 யூரோ கிடைச்சுது. இன்னொருத்தர் அதே 7.45க்கு வீட்ட விட்டவருதான், ஆனா ஆபீஸ் போய் மெயில் பாத்துட்டு 9.15க்கு அங்க இருந்து கிளம்புனாரு, வீட்டுக்கு வந்தது 5 மணி. வெளிய அலைஞ்சது என்னமோ அவருதான் அதிகம், ஆனா ஆபீஸ விட்ட 9.15ல இருந்து 7 மணி 45 நிமிஷம்தான் ஆகுது, அவருக்கு ஒரு பைசா கிடையாது. இது தெரிஞ்ச பிறகு அவரு வெளியூர் நாள்ல ஆபீஸ் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்ல. ஒரே நாள்ல காலைல ஒரு கஸ்டமர், மத்தியானம் ஆபீஸ் வந்துட்டு மறுபடி இன்னொரு கஸ்டமர்னு போனா, வெளிய இருந்த நேரத்த எல்லாம் கூட்டிக்கலாம், கூட்டி 8 தாண்டுனா போதும்.

ராத்திரி வேலைக்கும் ஒரு வழி இருக்கு. சர்வர் மாத்தற வேலைன்னு ராத்திரி 8 மணிக்கு கிளம்பிப் போய் படுக்காம கொள்ளாம வேலை பாத்துட்டு காலைல 5 மணிக்கு வீட்டுக்கு வர்றீங்கன்னு வைங்க. முதல் தேதில 4 மணி நேரம், அடுத்த தேதில 5 மணி நேரம், தனித்தனியா எதுவும் 8 வராது. ஆனா எங்கயும் தங்கலன்னா ரெண்டையும் சேத்து 9ன்னு எடுத்துக்கலாம், எந்த தேதில அதிக நேரமோ அந்த தேதிக்கு ஒரு 14 குடுப்பாங்க. இது ஓவர்நைட் ட்ரிப் மாதிரி தெரியுதேன்னு கிளம்பற நாள் 14 வர்ற நாள் 14ன்னு ரெண்டு எழுதிடாதீங்க, ஒண்ணுதான் வரும்.

எங்கப்பா சென்ட்ரல் கவர்மென்ட் வேலைல இருந்தவரு, அவருகிட்ட இத சொன்னப்ப "எங்களுக்கு பாதியெல்லாம் இல்லப்பா, 6 மணி நேரம் வரைக்கும் 30 சதவீதம், 12 வரைக்கும் 70, அதுக்கு மேலதான் முழுசு"ன்னாரு. அதுவும் ராத்திரி 12ல இருந்து ராத்திரி 12 வரைக்கும்தான் எண்ணுவாங்களாம். அதனால இந்தியாவுல கவர்மென்ட் வேலை பாத்துட்டு வந்தவங்க இந்த பழக்கத்துல மணி கணக்கு போட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரிய விட்டுடாதீங்க.

அந்த சரிபாதிங்கறது ஜெர்மனிக்குள்ள மட்டும்தான். வெளிநாட்டு ட்ரிப்புன்னா நாட்டுக்கு நாடு, சில ஊருக்கு தனியா கூட, நிதி அமைச்சகம் ஒரு பட்டியல் போடுது, அதுல கிளம்பற நாள் ரேட்டு முழு நாளோட பாதியா இருக்காது, கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு இருக்கும். ராத்திரிய 28ஆல பெருக்கற என் குறுக்கு வழி அங்க ஓடாது, பட்டியலப் பாத்துதான் போடணும்.

ஒரே இடத்துக்கு ரொம்ப நாள் போறவங்களுக்கு இன்னொரு கட்டு இருக்கு, மூணு மாசம். அதே கஸ்டமர் இடத்துக்கு வாரா வாரம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் போய்ட்டு இருந்தீங்கன்னா மூணு மாசம் முடிஞ்ச அன்னையோட இந்த வரி இல்லாத காசு நின்னுடும். மூணு மாசத்துல அந்த ஊர்ல மலிவா எங்க சாப்பிடலாம்னு கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு ஒரு கணக்கு போல. வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் போறீங்கன்னா இந்த மூணு மாசம் ஓடவே ஓடாது, மூணு நாளாவது இருக்கணும். நடுவுல நாலு வாரம் அங்க போகலன்னா, அது ஊருக்குப் போன லீவா இருந்தாலும் சரி, திரும்ப முதல்ல இருந்து மூணு மாசம். டிசம்பர்ல சென்னை போய் நாலு வாரத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே திரும்பி வந்து இத கோட்ட விட்டவரு ஒருத்தர எனக்குத் தெரியும்.

கடைசியா, கம்பெனி இத குடுத்தே ஆகணும்னு வரிச் சட்டத்துல எதுவும் இல்ல. இவ்வளவு வரைக்கும் வரி இல்லாம குடுக்கலாம்னுதான் இருக்கு. கம்பெனி குடுக்கலன்னாலோ கொறச்சு குடுத்தாலோ மிச்சத்த நீங்களே வருஷம் முடிஞ்சதும் வரி ரிட்டர்ன்ல, அன்லாகே என் ஃபார்ம்ல, வேலை சம்பந்தமான செலவுன்னு போடலாம். ஆனா 14 யூரோ போட்டா 14 யூரோ கைக்கு வராது, உங்க வருமானத்துல இருந்து 14 கழியும், அவ்வளவுதான், அதுவும் எல்லாருக்கும் எப்படியும் கழிக்கற 1230 யூரோவ உங்க மொத்த செலவு தாண்டுனாதான் அதுக்கு அர்த்தமே இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவ வெளியூர் வேலைக்குப் போறவங்க இதுக்காக மெனக்கெட வேணாம், வாரா வாரம் போறவங்க கண்டிப்பா பாருங்க. அப்படிப் போடறப்போ வருஷ சம்பளச் சான்றிதழ்ல பெரிய எழுத்துல "M"ன்னு இருக்கான்னு பாத்துக்கங்க, அது இருந்தா வெளியூர்ல கம்பெனி உங்களுக்கு சாப்பாடு குடுத்திருக்குன்னு வரி ஆபீஸுக்கு ஏற்கனவே தெரியும், வெட்டே இல்லாம முழு 28 எழுதி அனுப்புனீங்கன்னா எந்தெந்த நாள் சாப்பாடு கிடைச்சுதுன்னு கேட்டு லெட்டர் வரும். அதுக்குத்தான் நான் ட்ரிப் முடிஞ்ச அன்னைக்கே போன் காலண்டர்ல கிளம்புன நேரம், வந்த நேரம், எந்த வேளை சாப்பாடு கம்பெனி கணக்குன்னு ஒரு வரி எழுதி வெச்சுடறது, அடுத்த வருஷம் மே மாசம் உக்காந்து போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை டின்னர் யாரு வாங்கிக் குடுத்தாங்கன்னு யோசிச்சா யாருக்கு ஞாபகம் வரும்.